ரிவ்யூவுக்குப் பதில் எழுதச் சொன்னால் விளம்பரம் எழுதாதீர்கள்

போன வாரம் ஒரு ஏசி சர்வீஸ் நிறுவனத்தின் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் வந்தார்கள். ரிவ்யூக்கள் நன்றாகவே இருந்தன. அவற்றுக்குக் கீழே ஓனர் எழுதியிருந்த பதில்களைப் படித்தபோதுதான் மனசு நொந்துபோனது. இந்த மாதத்தில் இப்படி நான் பார்க்கும் நான்காவது ப்ரொஃபைல் இது. அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான்கு ஸ்டார் கொடுத்த ஒரு வாடிக்கையாளர் இப்படி எழுதியிருந்தார்: "போன் பண்ண அன்னைக்கே வந்தாங்க. உள்ளே இருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருந்தது, இப்ப நின்னுடுச்சு. வேலை பார்த்த தம்பி பொறுமையா விளக்கினார். சார்ஜ் மட்டும் கொஞ்சம் அதிகம்."

அதற்கு வந்த பதில் இது: "எங்கள் சிறந்த ஏசி சர்வீஸைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. குறைந்த விலையில் ஏசி ரிப்பேர், ஏசி கேஸ் ஃபில்லிங், ஏசி இன்ஸ்டலேஷன், ஸ்பிளிட் ஏசி சர்வீஸ், விண்டோ ஏசி சர்வீஸ் என அனைத்து ஏசி சர்வீஸ்களுக்கும் எங்களை அணுகவும்."

ஏழு முறை ஏசி. தண்ணீர் சொட்டியதைப் பற்றி ஒரு சொல் இல்லை, அந்தத் தம்பியைப் பற்றி ஒரு சொல் இல்லை. சார்ஜ் அதிகம் என்றவரிடம் "குறைந்த விலையில்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் எழுதியதை யாரும் படிக்கவே இல்லை என்பது அவருக்கும் தெரியும், பின்னால் வந்து படிக்கிற எல்லோருக்கும் தெரியும். இதே பதில், எழுத்து மாறாமல், இரண்டு நாள் காத்திருந்து யாரும் வரவில்லை என்று ஒரு ஸ்டார் கொடுத்த பெண்ணின் ரிவ்யூவுக்குக் கீழேயும் இருந்தது.

ஏன் இப்படி எழுதினீர்கள் என்று ஓனரிடம் கேட்டேன். "பதிலில் கீவேர்டு போட்டால் மேப்பில் மேலே வரலாம் என்று சொன்னார்கள்" என்றார். யார் சொன்னார்கள் என்று அவருக்கு நினைவில்லை. எனக்கு ஆச்சரியமில்லை. எல்லோரும் இதையே சொல்கிறார்கள், யாரும் எங்கே படித்தோம் என்று சொல்வதில்லை.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். உள்ளூர்த் தேடலில் யார் மேலே வருவார்கள் என்பதற்கு கூகுள் தன் உதவிப் பக்கத்தில் மூன்று விஷயங்களைச் சொல்கிறது: தேடியதற்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுபவரிடமிருந்து நீங்கள் இருக்கும் தூரம், உங்கள் தொழில் எவ்வளவு அறியப்பட்டது என்பது. மூன்றாவதில் ரிவ்யூக்களின் எண்ணிக்கைக்கும் ரேட்டிங்குக்கும் பங்கு உண்டு என்றும் சொல்கிறது. ஓனர் எழுதும் பதிலில் இன்ன சொல் இருந்தால் மேலே ஏற்றுவோம் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. பதில் எழுதுவதைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. ரிவ்யூ எழுதியவர் ஏற்கெனவே உங்கள் வாடிக்கையாளர், அவருக்கு விளம்பரம் செய்ய வேண்டியதில்லை, சுருக்கமாகவும் மரியாதையாகவும் எழுதுங்கள் என்கிறது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். மேப்பில் தேடும்போது சில கடைகளின் பெயருக்குக் கீழே, நீங்கள் தேடிய சொல்லை ரிவ்யூவில் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று ஒரு வரி வரும். அதைப் பார்த்துவிட்டு, ரிவ்யூ பகுதியில் யார் எழுதினாலும் அந்தச் சொல் வேலை செய்யும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வரி வாடிக்கையாளர் தன் வாயால் சொன்னதிலிருந்து எடுக்கப்படுவது. உங்கள் கடையைப் பற்றி நீங்களே சொல்லிக்கொள்வதற்கும் அடுத்தவர் சொல்வதற்கும் ஒரே எடை எப்படி இருக்கும்? சரி, வாடிக்கையாளரிடமே இன்ன சொல்லைப் போட்டு எழுதுங்கள் என்று கேட்டு வாங்கலாமே என்று அடுத்த கேள்வி வரும். தயவுசெய்து அதையும் செய்யாதீர்கள். அவர் அனுபவத்தை அவர் சொல்லில் எழுதட்டும்.

அப்படியானால் பதிலில் சேவையின் பெயரே வரக்கூடாதா? வரலாம், பல நேரம் வரத்தான் வேண்டும். ஆனால் அது படிக்கிற மனிதருக்காக வர வேண்டும். வீட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிற ஒருவர் பத்து ரிவ்யூவைப் புரட்டிப் பார்க்கிறார். அதே பிரச்சினையை இவர்கள் பார்த்திருக்கிறார்களா, காரணம் தெரிந்து செய்கிறார்களா என்பதுதான் அவருக்கு வேண்டும். "அனைத்து ஏசி சர்வீஸ்களும்" என்ற வரி அவருக்கு எதையும் சொல்லவில்லை.

அந்த நான்கு ஸ்டார் ரிவ்யூவையே எடுத்துக்கொண்டோம். வேலைக்குப் போன டெக்னீஷியனை ஓனர் போனில் கூப்பிட்டார். இன்டோர் யூனிட்டின் ட்ரெயின் பைப்பில் பாசி அடைத்திருந்தது, பைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், ஃபில்டரிலும் தூசி அப்பியிருந்தது, கழுவிப் போட்டேன் என்றார். இரண்டு நிமிடப் பேச்சு. பதிலுக்கு வேண்டிய எல்லாச் சொல்லும் அதிலேயே இருந்தது. எழுதிய பதில் இது:

"அன்றைக்கே வர முடிந்ததில் எங்களுக்கும் நிம்மதி. ட்ரெயின் பைப்பில் பாசி அடைத்திருந்ததால்தான் தண்ணீர் வெளியே சொட்டியது. பைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியிருந்ததால் கட்டணம் கூடியது. அதை வேலையைத் தொடங்கும் முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், இனிமேல் சொல்லிவிடுகிறோம். பொறுமையாக விளக்கினார் என்று நீங்கள் எழுதியதை அவரிடமும் காட்டினோம்."

இதில் ஏசி என்ற சொல் ஒரு முறைகூட இல்லை. ஏசி கடைதான் என்று ப்ரொஃபைலின் தலைப்பிலேயே இருக்கிறது, அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கிற யாருக்கும் இவர்களுக்கு வேலை தெரியும் என்பது புரிந்துவிடும். காரணத்தைச் சொல்லும்போது சேவைச் சொல் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. "ஏன் அப்படி ஆனது", "நாங்கள் என்ன செய்தோம்" என்ற இரண்டில் ஒன்றுக்குப் பதில் சொன்னாலே போதும்.

தமிழில் பதில் எழுதுபவர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன், நான் கீவேர்டுத் திணிப்பைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான். நாம் இயல்பாக எழுதும்போது சொல்லோடு உருபு ஒட்டிக்கொண்டு வரும்: பைப்பில், பைப்பை, ஃபில்டரோடு, சர்வீஸுக்கு. வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய கீவேர்டு மட்டும் மொட்டையாக நிற்கும், அல்லது காற்புள்ளிகளுக்கு நடுவே வரிசைகட்டி நிற்கும். எழுதி முடித்த பதிலில் அப்படி மொட்டையாக நிற்கும் சொல்லைத் தேடிப் பாருங்கள். அதை எடுத்துவிட்டாலும் வாக்கியம் குறையவில்லை என்றால், அது அங்கே வந்திருக்கவே கூடாத சொல். இன்னொன்று, வாடிக்கையாளர் ஏசி என்று எழுதியிருந்தால் நீங்களும் ஏசி என்றே எழுதுங்கள். "குளிர்சாதனப் பழுதுநீக்கும் சேவை" என்று யாரும் போனில் கேட்பதில்லை.

எழுதி முடித்த பதிலை வேறொரு ரிவ்யூவுக்குக் கீழே மனதுக்குள் ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் திரும்ப எழுதுங்கள். ஸ்டார் மட்டும் கொடுத்துவிட்டு ஒன்றும் எழுதாதவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு "நேரம் ஒதுக்கி ரேட்டிங் கொடுத்ததற்கு நன்றி" போதும். அவர் சொல்லாததை நீங்கள் இட்டு நிரப்ப வேண்டாம்.

இது எல்லாத் தொழிலுக்கும் சரிவராது என்பதையும் சொல்லியாக வேண்டும். மருத்துவமனை, ஆலோசனை மையம், வக்கீல் அலுவலகம் நடத்துபவர்கள் பதிலில் சேவைச் சொல்லையே எழுதாதீர்கள். "நன்றாகப் பார்த்தார்கள்" என்று மட்டும் ஒருவர் எழுதியிருக்க, "உங்கள் வேர் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி" என்று பதில் போட்டால், அவர் சொல்லாத மருத்துவ விவரத்தை ஊரறியச் சொன்னதாகிறது. அமெரிக்காவில் ஒரு பல் மருத்துவமனை ஆன்லைன் ரிவ்யூவுக்கு எழுதிய பதிலில் நோயாளியின் விவரங்களை வெளியிட்டதற்காக 2019-ல் 10,000 டாலர் கட்ட வேண்டி வந்தது. நோயாளியே தன் சிகிச்சையைப் பற்றி எழுதியிருந்தாலும் நீங்கள் அதை உறுதிப்படுத்தாதீர்கள். நன்றி சொல்லுங்கள், பேச வேண்டியது இருந்தால் நேரில் அல்லது போனில் கூப்பிடச் சொல்லுங்கள்.

கீவேர்டுகளை எங்கேதான் வைப்பது என்று ஓனர் கேட்டார். நியாயமான கேள்வி. ப்ரொஃபைலில் சேவைகளைப் பட்டியலிட என்றே ஒரு பகுதி இருக்கிறது. கேஸ் ஃபில்லிங், இன்ஸ்டலேஷன் எல்லாம் அங்கே தனித்தனியாகச் சேரட்டும். தொழிலைப் பற்றிய விவரணைக்கு 750 எழுத்துகள் வரை இடம் உண்டு. அவருடைய ப்ரொஃபைலில் இந்த இரண்டுமே காலியாக இருந்தன. தொழிலின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். கடைப் பெயரோடு மட்டும் கீவேர்டைச் சேர்த்துவிடாதீர்கள், அது விதிமீறல், ப்ரொஃபைலையே முடக்கிவிடக்கூடும்.

ஏற்கெனவே போட்ட பதில்களைத் திருத்த முடியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற உட்கார்ந்தால் மறுபடி ஒரே பதிலைத்தான் நாற்பது இடத்தில் ஒட்டுவீர்கள். மக்கள் முதலில் படிப்பது மோசமான ரிவ்யூக்களையும் புதிய ரிவ்யூக்களையும்தான், அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

நாங்களும் அந்த ஒரு ஸ்டார் பெண்ணிடமிருந்துதான் ஆரம்பித்தோம். ஓனர் பழைய புக்கிங்குகளைப் புரட்டினார். அவருடைய அழைப்பு பதிவாகியிருந்தது, ஆனால் எந்த டெக்னீஷியனுக்கும் அனுப்பப்படவில்லை. பழைய பதிலை அழித்துவிட்டு இதை எழுதினார்: "தவறு எங்களுடையது. உங்கள் அழைப்பைப் பதிவு செய்துவிட்டு ஆளை அனுப்பாமல் விட்டுவிட்டோம். இரண்டு நாள் உங்களைக் காக்க வைத்ததற்கும், அதற்குப் பிறகு உங்கள் ரிவ்யூவைப் படிக்காமலே ஒரு பதிலைப் போட்டதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன்." கடைசியில் "எங்கள் ஏசி சர்வீஸ்" என்று ஒரு வரி சேர்க்கட்டுமா என்று என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றேன். அப்படியே அனுப்பிவிட்டார்.