ஒரு மணி நேர நீராவிக்கு எத்தனை கிலோ விறகு?

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழ சீசனில் ஓடும் ஒரு சிறிய மாங்கூழ் ஆலை என்று வைத்துக்கொள்வோம். கூழைச் சூடாக்கவும், அடைத்த டப்பாக்களை வேகவைக்கவும் மணிக்கு 400 கிலோ நீராவி தேவை. விறகு பாய்லர், அழுத்தம் 7 பார். ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு விறகு வேண்டும்?

7 பாரில் ஒரு கிலோ நீராவியில் சுமார் 661 கிலோகலோரி வெப்பம் இருக்கும். பாய்லருக்குள் போகும் தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால், அது 30 கிலோகலோரியைத் தன்னோடு கொண்டுவருகிறது. மீதி 631-ஐ நெருப்பு தர வேண்டும். 400 கிலோவுக்கு 2,52,400 கிலோகலோரி.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பாய்லர் தகட்டில் ‘மணிக்கு 500 கிலோ’ என்றிருந்தால், அது பெரும்பாலும் 100 டிகிரித் தண்ணீரை 100 டிகிரி நீராவியாக்கும் கணக்கு. அதற்குக் கிலோவுக்கு 540 கிலோகலோரி போதும். நம் நிலைமையில் அதே பாய்லர் 428 கிலோதான் தரும். 400 கிலோ தேவைக்கு இது கிட்டத்தட்ட முழுச்சுமை!

சரி, திறனுக்கு வருவோம். விறகின் வெப்பத்தில் 65 சதவீதம் நீராவிக்குப் போகிறது, மீதியில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடுகிறது என்று கொள்வோம். அப்படியானால் அடுப்பில் எரிய வேண்டியது 2,52,400 ÷ 0.65, அதாவது சுமார் 3,88,300 கிலோகலோரி.

20 சதவீத ஈரமுள்ள விறகு, அந்த ஈரத்தை ஆவியாக்கும் செலவு போக, கிலோவுக்குச் சுமார் 3,250 கிலோகலோரி தரும். ஆக மணிக்கு 120 கிலோ. எட்டு மணி நேர ஷிப்டுக்கு ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு.

அதே விறகு மழையில் நனைந்து 40 சதவீத ஈரத்தோடு வந்தால் கிலோவுக்கு 2,290 கிலோகலோரிதான் தேறும். செலவு மணிக்கு 170 கிலோவாகும். நெருப்பு சரியாகப் பிடிக்காமல் திறனும் இறங்கும் என்பதால் நடைமுறையில் இன்னும் கூடும். எடை போட்டு விறகு வாங்குகிறவர் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார்.

ஆலைக்குள்ளேயே இதைச் சோதிக்கலாம். பாய்லருக்குப் போகும் தண்ணீரை மீட்டரில் குறித்து, அடியில் திறந்துவிடும் அழுக்குத் தண்ணீரைக் கழித்தால் நீராவியின் அளவு கிடைத்துவிடும். அதை அன்று எரித்த விறகின் எடையால் வகுத்தால் நம் கணக்குப்படி 3.3 வர வேண்டும். 2.5-க்கு இறங்கினால் முதலில் விறகைப் பார்க்க வேண்டும். விறகு காய்ந்துதான் இருக்கிறதென்றால் அடுத்தது புகைபோக்கியின் வெப்பமானி. டியூப்கள் சுத்தமாக இருந்த நாளைவிட, அதே சுமையில் புகையின் சூடு ஏறியிருந்தால், டியூபின் ஒரு பக்கம் கரியோ மறுபக்கம் உப்புப் படிவமோ சேர்ந்திருக்கலாம். சுத்தம் செய்துவிட்டு மறுநாள் மறுபடி வகுத்துப் பார்க்கலாம்.