சாவியோடு கார் திருடு போனால் க்ளெய்ம் அவ்வளவுதானா?

பால் பாக்கெட் வாங்க இன்ஜினை அணைக்காமல் இறங்கியிருப்பீர்கள். திரும்பிப் பார்த்தால் கார் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வரும்: “வாகனத்தைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுக்கவில்லை. க்ளெய்ம் நிராகரிக்கப்படுகிறது.” பலர் இந்தக் கடிதத்தோடு ஓய்ந்துவிடுகிறார்கள். அங்கே விட்டுவிடக் கூடாது.

தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருந்தால் திருட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. இனிச் சொல்வதெல்லாம் உங்கள் சொந்த வண்டிக்கு வரும் இழப்பையும் ஈடுசெய்யும் ஓன் டேமேஜ் உள்ள பாலிசிக்கு.

கம்பெனி காட்டும் நிபந்தனை பாலிசியில் இருப்பது உண்மைதான். ஆனால் சாவியை விட்டதாலேயே முழுத் தொகையையும் மறுத்துவிட முடியாது. ஓட்டுநர் சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கியபோது லாரி திருடுபோன வழக்கில் (அசோக் குமார் எதிர் நியூ இந்தியா அசூரன்ஸ், 2023) உச்ச நீதிமன்றம் 75 சதவீதத்தை வழங்கச் சொன்னது. கம்பெனிக்காரர்கள் இதை ‘நான்-ஸ்டாண்டர்ட் செட்டில்மென்ட்’ என்பார்கள். அந்த வார்த்தையை நீங்கள் கேட்டால்தான் அவர்கள் வாயிலிருந்து வரும்.

கதவு பூட்டாமல் இருந்து, சாவி உங்கள் பையில் இருந்தால் உங்கள் நிலை இன்னும் வலுவானது. சாவி இல்லாமல் காரைக் கிளப்பத் திருடன் தனியாக ஏதாவது செய்திருக்க வேண்டும். பூட்டாத கதவு மட்டும் திருட்டுக்குக் காரணமாகாது. இதை எழுத்தில் சொல்லுங்கள். மாறாக, சாவியைப் போட்டபடி காரை மணிக்கணக்கில் ஆளில்லாமல் விட்டிருந்தால் வாதாடுவது கடினம். எவ்வளவு தூரம், எத்தனை நிமிடம், கார் உங்கள் கண்ணில் பட்டதா என்பதெல்லாம் இங்கேதான் கணக்கில் வரும்.

பெரும்பாலானோர் சிக்குவது இரண்டாவது சாவியில். கம்பெனி இரண்டு ஒரிஜினல் சாவியையும் கேட்கும். உங்களிடம் ஒன்றுதான் இருக்கும், மற்றது காரோடு போய்விட்டது. “ரெண்டு சாவியும் குடுத்தாதான் பைல் நகரும்” என்று யாராவது சொன்னதை நம்பி டூப்ளிகேட் போடாதீர்கள். சாவியைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். புதிதாக வெட்டியது தெரிந்துவிடும். அதுவரை கவனக்குறைவாக இருந்தது அப்போதே மோசடியாகிவிடும், 75 சதவீதமும் போய்விடும். ஒரு சாவியைக் கொடுத்து, மற்றது காரில் இருந்ததாக எழுதி, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள்.

இதே உண்மையைப் போலீஸ் புகாரிலும் எழுத வேண்டும். உடனே 112-ஐ அழையுங்கள், அன்றே கம்பெனிக்கும் தெரிவியுங்கள். ஸ்டேஷனில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். க்ளெய்முக்கு அது போதாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும். பதிய மறுத்தால் புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்ட எஸ்.பி.க்கோ, மாநகரமாக இருந்தால் கமிஷனர் அலுவலகத்துக்கோ அனுப்புங்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது. எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்து, கம்பெனிக்குச் சொல்ல மட்டும் தாமதமானால், அதையே காரணமாக்கி மறுக்கக் கூடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பிறகு கம்பெனி அனுப்பும் இன்வெஸ்டிகேட்டர் வீட்டுக்கு வருவார், நன்றாகவே பேசுவார். உங்கள் வாக்குமூலத்தை அவரே ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். நீங்களே தமிழில் எழுதிக் கொடுங்கள். ‘20 அடி தூரத்தில் நின்றேன், மூன்று நிமிடம்’ என்று நீங்கள் சொன்னது ‘காரைக் கவனிப்பாரின்றி விட்டேன்’ என்று தாளில் மாறியிருக்கலாம். தாளைப் போட்டோ எடுத்துக்கொள்ளாமல் விடாதீர்கள்.

பணக் கணக்கையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பாலிசியில் உங்கள் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பான ஐ.டி.வி. 6,00,000 ரூபாய் என்றால் 75 சதவீதம் 4,50,000. கட்டாயப் பிடித்தம் சிறிய காருக்கு 1,000 ரூபாய். கடன் பாக்கி 3,80,000 இருந்தால் அது முதலில் வங்கிக்குப் போகும். உங்கள் கைக்கு 70,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகவே வரும். க்ளெய்ம் முடியும்வரை இ.எம்.ஐ. நிற்காது. நிறுத்தினால் வட்டியும் அபராதமும் ஏறி, அந்த 70,000-ஐயும் தின்றுவிடும்.

நிராகரிப்புக் கடிதம் வந்தால், எந்த நிபந்தனையை மீறியதாகச் சொல்கிறார்கள் என்று கேட்டு, நான்-ஸ்டாண்டர்ட் அடிப்படையில் தரும்படி கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, மறுத்தாலோ, இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆனால் கம்பெனி மறுத்ததிலிருந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். கிளை மேலாளர் “மேலிடத்துக்கு அனுப்பியிருக்கோம், பாக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே இருப்பதில் இந்த ஓராண்டு கரைந்துவிடும். வாய்ப்பேச்சு எதையும் நம்பாமல் ஒவ்வொரு முறையும் மின்னஞ்சலில் பதில் கேளுங்கள். அந்த ஓராண்டு போய்விட்டாலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட, கம்பெனி மறுத்ததிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.