பாதியை விற்றால் நிம்மதி, அதற்கு எவ்வளவு கொடுக்கிறோம்?

வெள்ளவத்தையில் இருந்து வரும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் போன மாதம் சொன்னார்: "தம்பி, பங்கு கொஞ்சம் ஏறின உடன அரைவாசியை வித்துப்போட்டு, மிச்சத்துக்கு, விலை இறங்கினா வித்துப்போடுற ஸ்டாப்பை வாங்கின விலைக்கே கொண்டுவந்திட்டா நிம்மதியா நித்திரை கொள்ளலாம். ஆனா வருஷக் கடைசியில கையில ஒண்டும் பெரிசா இல்லை." கொழும்புப் பங்குச் சந்தையில் தரகு நிறுவன ஆலோசகராக இருக்கிற எனக்கு இந்தக் குறை புதிதல்ல, அதனால் அவருடைய கடைசிப் பத்து வர்த்தகங்களையும் எடுத்து, கணக்கு எளிதாக வரட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மாற்றிப் போட்டுப் பார்த்தோம்.

1,000 பங்கு, 100 ரூபாவுக்கு வாங்கியது, ஸ்டாப் 90, இலக்கு 130. பத்தில் நான்கு இலக்கைத் தொட்டன, ஆறு ஸ்டாப்பில் போயின. ஒன்றையும் பிரிக்காமல் வைத்திருந்தால் 1,20,000 லாபம், 60,000 நட்டம், மிச்சம் 60,000.

அவர் செய்தது வேறு. 110இல் பாதியை விற்றதால் வெற்றி ஒவ்வொன்றும் 30,000 தராமல் 20,000தான் தந்தது. தோற்ற ஆறில் இரண்டு முதலில் 110ஐத் தொட்டுவிட்டு இறங்கியவை, அவற்றில் மட்டும் 10,000 நட்டம் 5,000 லாபமாக மாறியது. ஆக 80,000, அதோடு 10,000, அதில் நான்கு முழு நட்டம் 40,000 கழிய 50,000.

இதோடு போயிருந்தால் சரி. ஆனால் வென்ற நான்கில் ஒன்று 110க்குப் பிறகு 100 வரை இறங்கி, அப்புறம்தான் 130க்கு ஏறியது. ஸ்டாப்பை வாங்கிய விலைக்கு நகர்த்தியிருந்ததால் மீதி 500 பங்கும் அங்கேயே வெளியே போய்விட்டது. 20,000 வரவேண்டிய இடத்தில் 5,000. மொத்தம் 35,000.

இந்த முறையில் ஒவ்வொரு வெற்றியிலும் 10,000 விட்டுக்கொடுத்து, காப்பாற்றப்படும் ஒவ்வொரு தோல்விக்கும் 15,000 மீட்கிறோம். நான்கு வெற்றிக்கு 40,000 போகிறது என்றால், ஆறு தோல்வியில் குறைந்தது மூன்று முதலில் 110ஐத் தொட்டிருக்க வேண்டும். அவருக்கு இரண்டுதான் தொட்டன.

கட்டணத்தை இன்னும் சேர்க்கவில்லை. வாங்கும்போதும் விற்கும்போதும் 1.12 வீதம் என்று வைத்தால் 100க்கு வாங்கிய பங்கு 102.30இல் விற்றால்தான் கைக்காசு போகாது, 100இல் வைக்கிற ஸ்டாப் உண்மையில் சின்ன நட்டம்.

அவரை முழுவதும் வைத்திருக்கச் சொல்லவில்லை. நித்திரை இல்லாமல் 108இலேயே எல்லாவற்றையும் விற்றுவிடுகிற ஆளுக்குப் பாதியாவது 130 வரை போவது நல்லதுதான். இப்போது அவர் ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் இரண்டே விஷயம் எழுதி வைக்கிறார்: தோற்ற பங்கு அதற்கு முன் எந்த விலை வரை ஏறியது, வென்ற பங்கு 110க்குப் பிறகு எவ்வளவு இறங்கியது. முப்பது வரிசை சேர்ந்ததும் வந்து உட்காருவோம் என்று பேசியிருக்கிறோம்.