சுக்கு டிங்சர்: மூன்று மாதம் ஊறினால் வீரியம் இரட்டிப்பாகுமா?

சுக்குப் பொடியை ஆல்கஹாலில் ஊற வைத்து ஆறு வாரம் ஆகிவிட்டது என்றும், இன்னும் மூன்று மாதம் அப்படியே விட்டால் வீரியம் இரண்டு மடங்காகுமா என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆகாது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களிலேயே அவருடைய புட்டியில் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும். டிங்சரின் வீரியத்தை நாள்கணக்கு தீர்மானிப்பதில்லை. எத்தனை கிராம் மூலிகைக்கு எத்தனை மில்லி திரவம், அந்தத் திரவத்தில் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்ற இரண்டு எண்களே தீர்மானிக்கின்றன. ஏன் அப்படி என்பதைச் சுக்கை வைத்தே பார்ப்போம்.

டிங்சர் என்பது தாவரத்திலுள்ள கரையக்கூடிய பொருள்களை எத்தனாலும் நீரும் கலந்த கரைப்பானில் இறக்கி எடுக்கும் சாறு. உலர்ந்த மூலிகைக்கு வழக்கமான விகிதம் 1:5, அதாவது 100 கிராமுக்கு 500 மில்லி. பச்சை மூலிகைக்கு 1:2. முதல் எண் எடை, இரண்டாவது எண் கன அளவு. எத்தனால் நீரைவிட இலேசானது என்பதால் இரண்டையும் தராசில் நிறுத்தால் விகிதம் பிசகும். மூலிகை மூழ்கும்வரை ஊற்றுங்கள் என்று சொல்லும் முறையும் உண்டு. அதில் சாறு கிடைக்கும், ஆனால் அதன் வீரியம் எவ்வளவு என்று செய்தவருக்கே தெரியாது. அடுத்த முறை அதே வீரியத்தில் செய்யவும் முடியாது.

நீரும் எத்தனாலும் ஏன் சேர்ந்தே வேண்டும்? எத்தனால் மூலக்கூறின் ஒரு முனையில் நீரோடு ஒட்டும் ஹைட்ராக்சில் தொகுதியும், மறுமுனையில் எண்ணெய்த் தன்மையுள்ள பொருள்களோடு சேரும் சிறிய கார்பன் வாலும் இருக்கின்றன. இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சராலும், அது உலரும்போது அதிலிருந்து உருவாகும் ஷோகாலும் நீரில் மிகக் குறைவாகவே கரையும்; எத்தனாலில் நன்றாகக் கரையும். அப்படியானால் தூய எத்தனாலையே ஊற்றலாமே என்று தோன்றும். காய்ந்து சுருங்கிக் கிடக்கும் செல்சுவர்களை உப்ப வைத்து வழி திறப்பது நீர்தான். நீரே இல்லையென்றால் கரைப்பான் உள்ளே நுழையவே தடுமாறும். மறுபக்கம், நீர் அதிகமானால் சர்க்கரையும் கோந்தும் கூடவே இறங்கிச் சாறு குழம்பும். எத்தனால் 20 சதவீதத்துக்கும் கீழே போனால் நுண்ணுயிர்களும் வளரத் தொடங்கும். எனவே காரமும் மணமும் வேண்டிய சுக்குக்கு 70 சதவீதம் பொருத்தமானது. பிசின் மிகுந்த பொருள்களுக்கு 90 வரை போகலாம். வழுவழுப்புக்காகவே பயன்படும் வேர்களுக்கு இதற்கு நேர்மாறு: அங்கே ஆல்கஹால் கூடினால் அந்த வழுவழுப்பே நூல்நூலாகத் திரண்டு அடியில் படிந்துவிடும்.

கையில் இருப்பது 95 சதவீத எத்தனால், வேண்டியது 70 சதவீதத்தில் 500 மில்லி என்று வைத்துக்கொள்வோம். 500-ஐ 70-ஆல் பெருக்கி 95-ஆல் வகுத்தால் 368 மில்லி வரும். மீதிக்கு 132 மில்லி நீர் அளந்து ஊற்றினால் போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் ஊற்றிப் பார்த்தால் அளவுக் குடுவையில் மட்டம் 500 கோட்டுக்குக் கீழேயே நிற்கும். நீர் மூலக்கூறுகளும் எத்தனால் மூலக்கூறுகளும் தனித்தனியே இருந்ததைவிட நெருக்கமாக அடங்கிக்கொள்வதால் கலவை சுருங்குகிறது. உண்மையில் ஏறத்தாழ 144 மில்லி நீர் தேவைப்படும். கலக்கும்போது குடுவை இளஞ்சூடாவதையும் கையால் உணரலாம். ஆகவே நீரை அளந்து ஊற்ற வேண்டாம். கலவையை ஆற விட்டு, கோடு வரை நீரால் நிரப்பினால் போதும். இங்கே ஒரு எச்சரிக்கை: உள்ளே சாப்பிடும் டிங்சருக்கு உண்ணத் தகுந்த எத்தனால் மட்டுமே ஆகும். மெத்தனால் கலந்த தொழிற்சாலை ஸ்பிரிட்டும், தோலைத் துடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நஞ்சு. வடிகட்டியோ சூடாக்கியோ அவற்றைச் சரிசெய்ய முடியாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 100 கிராம் சுக்கைக் குறுணையாக இடித்து, அந்த 500 மில்லியில் போட்டு மூடுகிறோம். ஒவ்வொரு குறுணைக்குள்ளும் ஜிஞ்சராலின் செறிவு அதிகம், வெளியே சுழியம். எந்த மூலக்கூறுக்கும் திசை தெரியாது. அவை தறிகெட்டு அலைகின்றன. உள்ளே கூட்டம் அதிகம் என்பதால் வெளியேறுபவை உள்ளே நுழைபவற்றைவிட அதிகம், அவ்வளவுதான். இதற்குப் பெயர் விரவல். வெளியே செறிவு ஏற ஏற, திரும்பி உள்ளே நுழைபவையும் பெருகும். குறுணைக்குள் தேங்கிய திரவமும் வெளியிலுள்ள திரவமும் ஒரே செறிவை எட்டும்போது போக்கும் வரவும் சமமாகிவிடுகின்றன. மூலக்கூறுகள் அப்போதும் ஓயாமல் அலைந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் சாறு இனி ஒரு துளியும் ஏறாது. அந்தச் சமநிலை வந்த பிறகு மூன்று மாதம் என்ன, மூன்று வருடம் காத்திருந்தாலும் வீரியம் அதேதான்.

அந்த நிலை எப்போது வரும் என்பது துண்டின் பருமனைப் பொறுத்தது. விரவலுக்கு ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தோடு கூடும். 1 மில்லிமீட்டர் குறுணைக்கு ஒரு மணி நேரம் ஆகுமென்றால், 5 மில்லிமீட்டர் துண்டுக்கு ஐந்து மணி நேரம் போதாது, 25 மணி நேரம் ஆகும். 10 மில்லிமீட்டர் துண்டுக்கு 100 மணி நேரம். முழுக் கிழங்கைப் போட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர் உண்மையில் தம் கத்தியின் சோம்பலுக்குத்தான் தவணை கட்டுகிறார். அதற்காக மாவாகவும் அரைக்க வேண்டாம்; மாவு அடியில் களிபோல இறுகிவிடும், வடிகட்டும் துணியையும் அடைத்துக்கொள்ளும். தினமும் குலுக்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான். அசையாத புட்டியில் குறுணையைச் சுற்றியுள்ள திரவம் மட்டும் செறிவேறி, சமநிலை வந்ததுபோல அங்கேயே நின்றுவிடும். குலுக்கினால் புதிய திரவம் அதன் இடத்துக்கு வரும். குறுணைக்கு ஒரு வாரமே பெரும்பாலும் போதும், இரண்டு வாரம் தாராளம். நான்கு முதல் ஆறு வாரம் என்பது பெரிய துண்டுகளுக்கும் கடினமான வேர், பட்டைகளுக்கும் ஏற்ற பாதுகாப்பான கணக்கு. அமாவாசையன்று ஊற வைத்துப் பௌர்ணமியன்று வடிகட்டும் மூலிகைக்காரர்களுக்கு நல்ல சாறு கிடைக்கிறதே என்றால், நிலவுக்கு அதில் பங்கில்லை. இடையில் இரண்டு வாரம் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

சமநிலை வந்துவிட்டதா என்பதை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் நிறமிகள் வேறு வேகத்தில் இறங்கும், காற்றுப்பட்டும் கருக்கும். நம்பகமான வழி எளியது. ஏழாம் நாள் தெளிந்த சாற்றில் 10 மில்லி எடுத்து, எடை தெரிந்த சிறு தட்டில் ஊற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உலர்த்தி, எஞ்சும் பசையை நிறுக்க வேண்டும். எத்தனால் ஆவி தீப்பற்றும், ஆகவே அருகில் நெருப்பு இருக்கக் கூடாது. பதினான்காம் நாளும் இதையே செய்து, எடை மாறவில்லையென்றால் வடிகட்டலாம். இந்தச் சோதனைக்கு மில்லிகிராம் காட்டும் தராசு ஒன்றே செலவு. இவ்வளவு மலிவான அளவீடுகளைச் சாதாரண மூலிகைகளுக்கு வரிசையாகச் செய்து பட்டியலிடும் வேலைக்கு ஆராய்ச்சி நிதி கேட்டால், புதுமை இல்லை என்பார்கள். புதுமை இல்லைதான், ஆனால் பயன் உண்டு என்பது என் கட்சி.

வடிகட்டும்போது இன்னொன்று தெரியவரும். 500 மில்லி ஊற்றினோம், துணியில் போட்டு நன்றாகப் பிழிந்தாலும் 400 மில்லிதான் வந்தது, மீதியைச் சக்கை குடித்துவிட்டது என்று கொள்வோம். சக்கைக்குள் இருக்கும் 100 மில்லியும் அதே வீரியமுள்ள டிங்சர்தான். ஐந்தில் ஒரு பங்கைக் குப்பையில் கொட்டுகிறோம். கணக்குக்காக, சுக்கில் கரையக்கூடியது 10 கிராம் என்றால், கைக்கு வருவது 8 கிராம். இப்போது அதே 500 மில்லியை இரண்டாகப் பிரிப்போம். முதலில் 300 மில்லி ஊற்றி, ஒரு வாரம் கழித்துப் பிழிந்தால் 200 மில்லி வரும், அதில் சுமார் 6.7 கிராம் இருக்கும். சக்கையில் தங்கிய 100 மில்லியோடு மீதி 200 மில்லியைச் சேர்த்து மறுபடி ஊற வைத்தால், எஞ்சிய 3.3 கிராம் 300 மில்லியில் பரவும். பிழியும் 200 மில்லியில் 2.2 கிராம் வரும். மொத்தம் அதே 400 மில்லி, ஆனால் அதில் 8.9 கிராம். கூடுதலாக ஒரு சொட்டு ஆல்கஹால் செலவாகவில்லை. எட்டிவிட்ட சமநிலையைக் கலைத்து, மூலக்கூறுகளை மறுபடி வெளியேற வைத்ததுதான் செய்த தந்திரம்.

பச்சை இஞ்சிக்கு வந்தால் கணக்கில் ஒரு மறைமுக விருந்தாளி சேர்ந்துவிடும். பச்சை இஞ்சியில் ஏறத்தாழ 80 சதவீதம் நீர். 100 கிராம் இஞ்சிக்கு 200 மில்லி 95 சதவீத எத்தனால் ஊற்றினால், 190 மில்லி எத்தனால் 280 மில்லி திரவத்தில் கலந்து 68 சதவீதத்துக்கு வந்து நிற்கும். நாம் விரும்பிய இடம் அதுதான். அதையே 40 சதவீத வோட்காவில் செய்தால் முடிவில் 29 சதவீதமே மிஞ்சும், காரத்தில் பெரும்பங்கு இஞ்சியிலேயே தங்கிவிடும். 1:2 என்ற எண்ணைக் கண்டு 1:5-ஐவிட இது வீரியமானது என்று மயங்கவும் கூடாது. அந்த 100 கிராமில் உலர்பொருள் 20 கிராம்தான். அது 280 மில்லியில் இருக்கிறது என்றால் உலர்பொருள் கணக்கில் விகிதம் 1:14.

கேள்வி கேட்ட வாசகர் இன்றே வடிகட்டிவிடலாம். சக்கையை எறியாமல், 70 சதவீதக் கலவையில் 200 மில்லி ஊற்றி, தினமும் குலுக்கி, ஒரு வாரம் கழித்துப் பிழிந்தால், மூன்று மாதக் காத்திருப்பு தராதது அதில் கிடைக்கும். கூடுதல் திரவம் சேர்வதால் அது முதல் சாற்றைவிட மெலிந்திருக்கும். தனிப் புட்டியில் ஊற்றி, விகிதத்தையும் சதவீதத்தையும் தேதியையும் எழுதி ஒட்டி, வெளிச்சம் படாத இடத்தில் வைக்கட்டும். காரம் அதிகமென்று புட்டியிலேயே நீர் சேர்க்க வேண்டாம். எத்தனால் சதவீதம் இறங்கியதும், அது இதுவரை தாங்கிப் பிடித்திருந்த ஜிஞ்சராலும் மணஎண்ணெயும் நுண்துளிகளாகப் பிரிந்து, தெளிந்த சாறு பால்போல வெளுத்துவிடும்.