ட்ரம் லெவல் 2: நேர்கோடாக நின்ற ஒரு ட்ரெண்ட்

210 மெகாவாட் அனல்மின் யூனிட்டில் பாய்லர் ட்ரம்மின் நீர்மட்டத்தை மூன்று டிரான்ஸ்மிட்டர்கள் தனித்தனியாக அளக்கின்றன. மட்டம் மிகவும் இறங்கினால் பாய்லர் குழாய்கள் காய்ந்து உருகும். மிகவும் ஏறினால் நீர் ஆவியோடு டர்பைனுக்குள் போய்விடும். அதனால் மூன்றில் இரண்டு ஆபத்து என்று சொன்னாலே யூனிட் ட்ரிப் ஆகும். சாதாரண ஓட்டத்தில் கன்ட்ரோல், மூன்றின் நடு மதிப்பை எடுத்துக்கொள்ளும்.

எங்கள் யூனிட்டில் ஒரு நாள் இரவு ஷிப்ட் முடியும் நேரம். லோடு 160-லிருந்து 190-க்கு ஏற்றினார்கள். லோடு ஏறும்போது ஆவி அழுத்தம் சற்றுக் குறைந்து, ட்ரம்மில் குமிழிகள் பெருகி, நீர்மட்டம் கொஞ்ச நேரம் உப்பும். டிரான்ஸ்மிட்டர் 1-ம் 3-ம் அப்படியே ஏறின. 2 அசையவில்லை. வித்தியாசம் 30 மி.மீ. கூட இல்லை, அலாரமோ 50 மி.மீ. வித்தியாசத்துக்குத்தான் செட் செய்யப்பட்டிருந்தது. அலாரம் வரவே இல்லை.

டெஸ்க்கில் இருந்த மூத்த ஆபரேட்டர் ட்ரெண்டைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார். நல்ல டிரான்ஸ்மிட்டரின் கோடு எப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். 2-ன் கோடு ஸ்கேல் வைத்து இழுத்தது போல இருந்தது. புதிதாக வருபவர்கள் அந்த அமைதியை ஆரோக்கியம் என்று நினைத்துவிடுவார்கள்.

அவர் லாக் புக்கில் எழுதியது:

"04:45. லோடு 160-லிருந்து 190. ட்ரம் லெவல் 1, 3: +2-லிருந்து +31. 2: +5-லேயே நின்றது, 03:20 முதல் நேர்கோடு. கேஜ் கிளாஸ் பார்க்கச் சொன்னேன், 1, 3-உடன் ஒத்துப்போகிறது. சி அண்ட் ஐ-க்குத் தகவல், பகலில் பார்ப்பார்கள். 2 சர்வீஸில்தான் இருக்கிறது, பைபாஸ் செய்யவில்லை. 2 சரியாகும் வரை 1, 3 இரண்டில் எதையும் வேலைக்குக் கொடுக்க வேண்டாம்."

இதே விஷயத்தைப் பெரும்பாலும் எப்படி எழுதுவோம்? "லெவல் 2 சரியில்லை, சி அண்ட் ஐ-க்குத் தகவல்." அதில் பொய் இல்லை. ஆனால் காலையில் டெஸ்க்கில் உட்காருபவருக்கு எதைச் செய்யக்கூடாது என்று அது சொல்லாது.

அன்று காலை 9:30-க்கு, முன்பே போட்ட அட்டவணைப்படி 1-ஐ கேலிபரேஷனுக்கு எடுக்க பெர்மிட் வந்தது. வேலையில் தவறு ஒன்றுமில்லை. இரவு நடந்தது அந்த டெக்னீஷியனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். டெஸ்க்கில் இருந்த பையன் லாக் புக்கை அவர் பக்கம் திருப்பி, "அண்ணே, 2 நின்னு போயிருக்கு. முதல்ல அதைப் பாத்துடுங்க, அப்புறம் 1-க்கு வரலாம்" என்றான். பெர்மிட்டை மாற்றி எழுதிக் கொடுத்தோம்.

1-ஐ எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எங்கள் லாஜிக்கில் ஒன்றை பைபாஸ் செய்தால், கன்ட்ரோல் மீதி இரண்டின் சராசரிக்கு மாறும். உண்மையான மட்டம் -80-க்கு இறங்கினாலும், நின்றுபோன 2 +5 என்றே காட்டும், 3 மட்டும் -80 காட்டும். சராசரி -37.5 தான். ஃபீட் வாட்டர் பாதி பதறலோடுதான் திறக்கும். அதைவிட மோசம், ட்ரிப்புக்கு அந்த இரண்டுமே ஒத்துக்கொள்ள வேண்டும். 2 ஒருநாளும் ஒத்துக்கொள்ளாது. மட்டம் குறைந்தால் காப்பாற்ற வேண்டிய ட்ரிப் வராமலே போயிருக்கும். சில ஆலைகளில் மீதி இரண்டில் ஒன்று சொன்னாலே ட்ரிப் ஆகும்படி வைத்திருப்பார்கள். உங்கள் யூனிட்டில் எப்படி என்று லாஜிக் ஷீட்டைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் இறந்த வெடிவிபத்திலும் தவறாகக் காட்டும் டிரான்ஸ்மிட்டர், தெளிவில்லாத லாக் புக் இரண்டும் சேர்ந்து வந்தன. இரவு ஷிப்ட் கோபுரத்தில் திரவம் நிரப்பியதைப் பற்றி லாக் புக்கில் ஒரே ஒரு வரி. எவ்வளவு நிரப்பினார்கள், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அதில் தெளிவாக இல்லை. பகல் ஷிப்ட் மேலும் நிரப்பியது. லெவல் டிரான்ஸ்மிட்டரும் தவறாகவே காட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் யூனிட்டில், அன்று 2-ஐச் சரிசெய்ய பைபாஸில் வைத்திருந்தபோதே 11:15-க்கு ஒரு கோல் மில் ட்ரிப் ஆனது. நெருப்பு குறைந்ததும் குமிழிகள் அடங்கி மட்டம் சட்டென்று இறங்கியது. 1-ம் 3-ம் ஒன்றாக இறங்கிக் காட்டின, ஃபீட் வாட்டர் திறந்தது, -70-ல் நின்று மெல்ல மேலே வந்தது. யூனிட் லைனிலேயே இருந்தது.

2-ல் அடைப்பு, ட்ரம்மிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்கு வரும் இரண்டு இம்பல்ஸ் லைன்களிலும், ஐசொலேஷன் வால்வ் அருகே இருந்தது. ப்ளோ டவுன் செய்ததும் சகதி வந்தது. அதன் பிறகு கண்டன்சேட் பாட் நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு சர்வீஸில் விட்டால் மட்டம் அதிகமாகக் காட்டும். மதியம் 12:40-க்கு 2-ஐத் திரும்ப எடுத்து, சிறிய லோடு மாற்றத்தில் மூன்றும் சேர்ந்து அசைகின்றனவா என்று பார்த்த பிறகுதான், இரவு எழுதிய அந்த வரிக்குப் பக்கத்தில் "முடிந்தது" என்று எழுதி, 1-ன் பெர்மிட்டைக் கொடுத்தோம்.