திரும்பி வந்த காசோலை

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில், லிங்கன் நினைவிடத்தின் முன் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையைக் ‘கனவு’ப் பகுதிக்காகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தமிழாக்குபவருக்குச் சோதனை அதற்கு முன்பே வந்துவிடுகிறது. சுதந்திரப் பிரகடனத்தையும் அரசமைப்புச் சட்டத்தையும் எழுதிய முன்னோர் ஒரு புரோநோட்டில் கையெழுத்திட்டார்கள். அமெரிக்கர் ஒவ்வொருவரும் அதற்கு வாரிசு. கறுப்பின மக்களுக்குக் கிடைத்ததோ பணமில்லை என்று திரும்பி வந்த காசோலை. இதுதான் அந்த உருவகம்.

‘செக்’ என்ற சொல்லின் வேர் பாரசீக ‘ஷா’. சதுரங்கத்தில் அரசனை மடக்குவது, கட்டுப்படுத்துவது, சரிபார்ப்பது என்று பொருள் நகர்ந்து, மோசடியைத் தடுக்க வைத்திருந்த அடிக்கட்டையைக் குறித்து, கடைசியில் அந்தத் தாளுக்கே பெயராயிற்று. நம் காசோலையில் இருப்பது ஓலை. திருவெண்ணெய்நல்லூர் அவையில் சுந்தரருக்கு எதிராக முதியவர் வடிவில் வந்த இறைவன் காட்டினாரே ‘ஆளோலை’, அதே ஓலைதான். அங்கே பாட்டன் எழுதிக் கொடுத்தது பேரனைக் கட்டியது. முன்னோரின் கையெழுத்து பின்னோரைக் கட்டும் என்பதுதான் கிங்கின் வாதமும். ஆகவே இந்த உருவகத்தை எடுத்துவிட்டு ஒரு பழமொழியைச் செருக வேண்டியதில்லை. அப்படியே தமிழில் நிற்கும்.

வழுக்குவது வினைகளில்தான். ‘காசோலையைக் காசாக்க வந்திருக்கிறோம்’ என்று எழுதினால் பொருள் கெடும். ‘பிறர் துயரத்தைக் காசாக்குகிறார்கள்’ என்று நாம் திட்டுவது அந்தச் சொல்லால்தான். ‘காசோலையை மாற்ற வந்திருக்கிறோம்’ என்றால் போதும். ‘மோசமான காசோலை’ என்று எந்த வங்கி வாசலிலும் யாரும் சொல்வதில்லை. ‘கணக்கில் பணமில்லை என்று செக் திரும்பிவிட்டது’ என்றுதான் சொல்வார்கள்.

கிங் அடுத்துச் சொல்லும் ‘பேங்க் ஆஃப் ஜஸ்டிஸ்’ என்பதை ‘நீதியின் வங்கி’ என்று எழுதுவது இன்னும் நுட்பமான பிழை. ஆங்கிலத்தில் உருவகத்துக்கும் உடைமைக்கும் ஒரே இடைச்சொல் போதும். தமிழில் ‘இன்’ வந்தவுடன் யாருடைய வங்கி என்ற கேள்வி எழுகிறது; நீதி அந்த வங்கியின் முதலாளி ஆகிவிடுகிறது. வள்ளுவர் ‘பிறவிப் பெருங்கடல்’ என்றார், பிறவியின் கடல் என்றல்ல. ‘நீதி வங்கி’ என்று ஒட்டினால் ஏதோ நிறுவனத்தின் பெயர்ப்பலகை போல் இருப்பதால், இங்கே ‘என்னும்’ வேண்டும்: நீதி என்னும் வங்கி, வாய்ப்பு என்னும் பெட்டகம்.

அந்த வங்கி நொடித்துவிட்டது என்பதைக் கிங் ஏற்கவில்லை. நொடித்துவிட்டது என்பதற்கு ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். நல்ல தமிழ் வழக்குதான், ஆனால் அதில் ஒரு கேலி ஒட்டியிருக்கிறது; நீதி கேட்டுக் கூடிய பெருங்கூட்டத்தின் முன் அது எடுபடாது. ‘திவால்’ போதும். அதே வாக்கியத்தில் வரும் ‘நம்ப மறுக்கிறோம்’ என்பதும் ஆங்கில வினையின் நிழலே. நான் இப்படி எழுதுவேன்: ‘நீதி என்னும் வங்கி திவாலாகிவிட்டது என்றால் நாங்கள் நம்பமாட்டோம்.’