புது வேலையின் முதல் மாதம்: 14-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் நடுவில்

ஆடிட்டர் ஆபீஸிலோ ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவிலோ புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் மாதத்தில் திணறினால், இப்போதெல்லாம் அதற்கு "இம்போஸ்டர் சிண்ட்ரோம்" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். 1978-இல் கிளான்ஸ், ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் எழுதியது வேறு விஷயம். நன்றாகச் சாதித்த பிறகும் "இது என் திறமையால் வரவில்லை" என்று நினைப்பவர்களைப் பற்றியது அது. உங்களுக்கு வேலை தெரியவில்லை என்பது முதல் மாதத்தில் நிஜம். அதனால் மனசைச் சமாதானப்படுத்துவதைவிட, எதைத் தானே தேடுவது, எதை உடனே கேட்பது என்று பிரித்துக்கொள்வதுதான் பயன்படும்.

ஒரு உதாரணம். அக்டோபர் மாத ஜிஎஸ்டி கணக்கைப் புதியவரிடம் கொடுக்கிறார்கள். டாலியில் உள்ள பர்சேஸ் பதிவின்படி எடுக்க வேண்டிய ஐடிசி, அதாவது கொள்முதலில் கட்டிய வரிக்கான வரவு, 1,84,500 ரூபாய். நவம்பர் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் வந்த 2பி-யில், அதாவது சப்ளையர்கள் ஏற்றிய பில்களின்படி வரும் வரவுப் பட்டியலில், இருப்பது 1,66,500. வித்தியாசம் 18,000. மாதாமாதம் தாக்கல் செய்பவர், வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்னான 3பி-யை 20-ஆம் தேதிக்குள் போட வேண்டும். கையில் இருப்பது ஆறு நாள்.

பெரும்பாலும் இங்கே நடக்கும் தப்பு, முதல் பில்லிலிருந்து ஒவ்வொன்றாக டிக் அடிக்க ஆரம்பிப்பது. இருநூறு பில் இருந்தால் ஒரு நாள் போய்விடும். பாதியில் யாராவது கூப்பிட்டால் மறுபடி முதலிலிருந்து. பதற்றத்தில் இருப்பவருக்கு எண்களை மனசில் பிடித்து வைப்பது இன்னும் கஷ்டம். இரண்டு பட்டியலையும் எக்செல்லில் போட்டு, சப்ளையரின் ஜிஎஸ்டி எண்வாரியாகக் கூட்டுத்தொகை எடுத்தால், எந்த சப்ளையரிடம் வித்தியாசம் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இங்கே ஒரே பில்தான்: ஒரு லட்சம் ரூபாய் சரக்கு, 18 சதவீத வரி. பில் நம்பரை மாற்றி அடித்திருக்கிறோமா என்று பார்த்தாயிற்று, இல்லை. போர்ட்டலில் Search Taxpayer-இல் அந்த ஜிஎஸ்டி எண்ணைப் போட்டால், அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர் என்று தெரிகிறது. இடையில் அந்த பில்லை அவர் ஏற்றவில்லை என்றால், டிசம்பர் மாத 2பி-யில், அதாவது ஜனவரி 14-இல்தான் அது வரும்.

இதுவரை தானே செய்யலாம். அடுத்தது சீனியரிடம் போக வேண்டிய இடம். 2பி-யில் வராததால் அந்த 18,000-ஐ இந்த மாதம் விட்டுவிட்டால் கட்ட வேண்டிய வரி அந்த அளவுக்குக் கூடும். கிளையண்டிடம் முன்கூட்டியே சொல்லிப் பணம் ஏற்பாடு செய்ய வேண்டும். 15-ஆம் தேதி கேட்டால் அதற்கு நேரம் இருக்கிறது. 19-ஆம் தேதி சாயங்காலம் கேட்டால் எவ்வளவு நல்ல சீனியரானாலும் கத்தத்தான் செய்வார். கேட்டதற்காக இல்லை, தேதிக்காக.

கேட்கப் பயந்து வித்தியாசத்தை, காரணம் தெரியாத தொகையைத் தற்காலிகமாக வைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளுவது, 2பி-யில் இல்லாததையும் சேர்த்து ஐடிசி எடுத்துவிடுவது, இரண்டும் நடக்கிறது. தாக்கல் செய்த 3பி-யைத் திருத்த முடியாது. அடுத்த மாதங்களில் சரிக்கட்டலாம், வட்டியோடு. அதனால் திரும்ப எடுக்க முடியாத எதற்கும், அதாவது ரிட்டர்ன் தாக்கல், பேங்க் பேமெண்ட், முடித்த வருஷத்து வவுச்சரில் கை வைப்பது, துறைக்கு அனுப்பும் பதில், இவற்றுக்கெல்லாம் தெரிந்தமாதிரி இருந்தாலும் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

அந்த ஆபீஸுக்கே உரிய வழக்கங்களையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். லாரி வாடகையை எந்த லெட்ஜரில் போடுகிறார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. மற்றவற்றுக்குப் போன மாத ஃபைலைப் பார்த்து இருபது நிமிஷம் முயற்சி செய்தால் போதும். அவசரமில்லாத சின்னக் கேள்விகளைச் சேர்த்து வைத்து சாயங்காலம் ஒரே தடவையாகக் கேளுங்கள்; பதிலை நோட்டில் படிப்படியாக எழுதுங்கள். சீனியருக்கு எரிச்சல் வருவது ஒரே கேள்வி மூன்றாவது முறை வரும்போதுதான்.

"சார், டேலி ஆகலை" என்று போய் நின்றால் அவர் முதலிலிருந்து பார்க்க வேண்டும். "சார், அக்டோபர் 2பி-யில் 18,000 குறையுது. ஒரே பில்தான், சப்ளையர் குவார்ட்டர்லி. இந்த மாசம் விட்டுட்டு, 2பி-யில வந்ததும் எடுத்துக்கலாமா? கிளையண்டுக்கு இன்னைக்கே சொல்லிடவா?" என்றால் பதில் ஒரு நிமிஷத்தில் வந்துவிடும்.

ரிட்டர்ன் வாரத்தில் தூக்கம் கெடுவது, வயிற்றைப் பிசைவது பலருக்கு உண்டு. 21-ஆம் தேதிக்குப் பிறகு அது அடங்குகிறதா என்று கவனியுங்கள். வேலை குறைந்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காலையில் ஆபீஸ் வாசலில் நெஞ்சு படபடக்கிறது என்றால் அதைச் சீனியரால் தீர்க்க முடியாது, டாக்டரிடம் போங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416-இல் எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.